ஏழு பக்கமும் ஒரு தாளும்

முதியவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரும் மக்களுக்கும் மருமக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்,

அன்புடையீர்,

கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் எக்ஸ்ரே, இ.சி.ஜி. தாள், பில், இவற்றுக்கு நடுவே ஆங்கிலத்தில் அச்சிட்ட ஆறேழு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி, தோளில் சாய்ந்தபடி தாயோ தந்தையோ, என்று நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்குக் காத்து நிற்பதை, அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பது ஆண்டுகள் பார்த்தவன் நான். வீட்டுக்கு வந்ததும் அந்த உறையைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறீர்கள். யாருடைய உடம்பைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியிருக்கிறதோ அவரிடம், "எல்லாம் சரியாயிடுச்சும்மா, மாத்திரையை மட்டும் வேளாவேளைக்குப் போட்டுக்கோ" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, மறுநாள் உத்தியோகத்துக்குப் புறப்பட்டுவிடுகிறீர்கள். உங்கள்மீது குற்றம் சுமத்த எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அதே உறையோடு அதே வாசலில் நின்று, உங்களைவிடப் பெரிய பிழை ஒன்றைச் செய்தவன். அதைச் சொல்லி, உங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மடல்.

என் அத்தைக்கு வயது எழுபத்தொன்பது. தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரஷரும் சுகரும் பல வருஷத்துச் சிநேகிதம். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் தானே கேட்டு வாங்கிய மாத்திரை ஒன்றும் பழக்கம். போன வருஷம் கால் வீங்கி, இரவில் படுத்தால் மூச்சு முட்டி, விடியும்வரை உட்கார்ந்தே இருக்கும் நிலை வந்தபோது ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எட்டு நாள் வைத்திருந்து, உடம்பில் கோத்திருந்த நீரை இறக்கி, நல்லபடியாக அனுப்பிவைத்தார்கள். கூடவே ஏழு பக்கம் தந்தார்கள்.

அத்தைக்கு இங்கிலீஷ் கொஞ்சம் படிக்கத் தெரியும். ஆனால் அந்த இங்கிலீஷ் தெரியாது. ஆகவே மருந்துக் கடலில் நீந்தியவன் என்ற செருக்கோடு, நானே உட்கார்ந்து ஏழு பக்கத்தையும் வரிக்கு வரி தமிழாக்கி, நாலு பக்கமாக அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பெற்றுக்கொண்ட அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் கேட்டால் சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் பேத்தியிடம் மெதுவாக, "செயலிழப்புன்னு போட்டிருக்கே, எத்தனை நாளாம்?" என்று கேட்டிருக்கிறார். 'இதயச் செயலிழப்பு' என்பது பாடப்புத்தகத்தில் பிசகற்ற சொல்தான். ஆனால் அதைப் படிக்கும் கிழவிக்கு, நின்றுபோன சுவர்க்கடிகாரம்தான் கண்முன் வருகிறது. இதயம் நிற்கவில்லை, பம்ப் செய்யும் வலு குறைந்ததால் நீர் தேங்கிற்று, அவ்வளவே அந்தச் சொல்லின் அர்த்தம் என்று நான் எழுதவில்லை.

அதற்கும் கீழே, எக்கோ பரிசோதனையில் கண்ட 35 சதவீதத்தையும் அப்படியே எழுதியிருந்தேன். முப்பத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்தியவருக்கு முப்பத்தைந்து என்றால் என்னவென்று நான் விளக்கவேண்டியதில்லை: தட்டுத்தடுமாறிப் பாஸ். நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு இதயம் போய்விட்டது என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டார். ஆரோக்கியமான இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளும், நூறு என்பது யாருக்கும் கிடையாது என்பதை, அதே வரியில் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் கொடுத்தது என் அறியாமையல்ல, அலட்சியம். பயன்படுத்தத் தெரியாத எண்ணை ஒருவர் கையில் கொடுப்பதைவிடக் கொடாமலிருப்பது நல்லது. அத்தை அந்த 35ஐ வைத்துக்கொண்டு செய்யக்கூடிய காரியம் எதுவும் இல்லை.

ஆனால் இவையெல்லாம் மனத்தைத் துன்புறுத்திய பிழைகள். உடம்பைத் துன்புறுத்திய பிழை ஏழாம் பக்கத்தின் அடியில், மூன்றே எழுத்தில் இருந்தது. புதிய மருந்துகளை வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் 'மற்றவை சி.எஸ்.டி.' என்று முடித்திருந்தார்கள். முன்பு தந்துவந்த சிகிச்சையையே தொடர்க என்பது அதன் விரிவு. வார்டில் டாக்டர்கள் தினமும் காலையில் கேஸ் ஷீட்டில் எழுதும் சுருக்கெழுத்து அது. முன்பு என்றால் எப்போது? வார்டில் நேற்றுவரை கொடுத்ததா, வீட்டிலிருந்தபோது அத்தை விழுங்கியதா? அந்தக் கேள்வியை எழுதியவரிடம் கேட்காமல், "மற்ற மாத்திரைகள் வழக்கம்போல்" என்று நான் தமிழில் எழுதிவிட்டேன்.

அத்தையின் பழைய பெட்டியில் பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 மில்லிகிராம், ஒரு கம்பெனியின் பெயரோடு, காலையில் போடுவது, இருந்தது. ஆஸ்பத்திரி எழுதிக்கொடுத்ததும் அதே டெல்மிசார்டன் 40தான். வேறு கம்பெனி, வேறு பெயர், இரவில் போடுவது. பட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. ஆகவே அத்தையின் கணக்கில் அவை இரண்டும் இரண்டு மருந்து. வழக்கம்போல் காலையில் பழையதும், புதுச் சீட்டின்படி இரவில் புதியதும், அவற்றோடு நீர் மாத்திரையும் சேர்ந்து, நாலாம் நாள் விடியற்காலையில் கொல்லைப்புற நிலைப்படியில் கண் இருண்டு விழுந்தார். மேல் பிரஷர் 84. எலும்பு முறியவில்லை என்பது என் பாக்கியம். முப்பது வருஷம் பிறருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தவன், சொந்த அத்தையின் பழைய பெட்டியைத் திறந்து பார்க்காமல் சுருக்கம் எழுதினேன்.

அன்று மாலையே அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். டியூட்டி டாக்டர், வயதில் என் பேரனை ஒத்த பிள்ளை, பத்து நிமிஷம் எனக்காக நின்று ஒவ்வொரு பட்டையாக எடுத்துப் பார்த்து, தொடர், நிறுத்து, என்று இரு குவியலாகப் பிரித்தார். பழைய பிரஷர் மாத்திரை நிறுத்து. பழைய சுகர் மாத்திரையும், ஆஸ்பத்திரியில் சர்க்கரை தாழ்ந்துபோனதால், அடுத்த பரிசோதனைவரை நிறுத்து. முழங்கால் மாத்திரை அடியோடு நிறுத்து. இந்த மூன்றில் ஒன்றுகூட, அத்தைக்குப் புரியும்படியாக, அந்த ஏழு பக்கத்தில் இல்லை. முழங்கால் மாத்திரையைப் பற்றி மட்டும் ஒரு வரி இருந்தது. அதை நான் 'ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகளைத் தவிர்க்கவும்' என்று சரியாகவே தமிழாக்கியிருந்தேன். அது தன் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் டைக்ளோஃபினாக்கைப் பற்றிய பேச்சு என்றும், அந்த மருந்து உடம்பில் நீரைத் தங்கச்செய்து சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்றும் அத்தைக்கு எப்படித் தெரியும்?

இந்த இடத்தில்தான், அன்புடையீர், மொழிபெயர்ப்பு வேறு, சுருக்கித் தருவது வேறு என்று எனக்கு விளங்கிற்று. டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதும் கடிதம். நாளை நள்ளிரவில் வேறோர் ஊரில் உங்கள் தாயைச் சேர்க்க நேர்ந்தால், அங்கிருப்பவர் நடந்ததையெல்லாம் ஒரு நொடியில் அறிந்துகொள்ள அது வேண்டும். அதற்காக அதைக் குறை கூறுவது முறையன்று. அதன் வரிசையும் அந்தக் காரியத்துக்குத் தக்கது: முதலில் நோயின் பெயர், பிறகு வந்தபோது இருந்த நிலை, பரிசோதனை எண்கள், வார்டில் நடந்தது, கொடுத்த சிகிச்சை, கடைசியில் வீட்டில் செய்யவேண்டியவை. உங்கள் தாய்க்கு வேண்டியதோ தலைகீழ் வரிசை. ஆகவே கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

அப்படிப் படிக்கையில் ஒன்றில் மிகவும் ஜாக்கிரதை வேண்டும். 'கொடுத்த சிகிச்சை' என்றொரு பட்டியலும், 'வீட்டுக்குச் செல்லும்போது தரும் மருந்துகள்' என்றொரு பட்டியலும் இருக்கும். இரண்டிலும் அநேகமாக அதே பெயர்கள் வரும், அளவு வேறாயிருக்கும். அத்தைக்கு வார்டில் ஃப்யூரோசமைடு ஊசி நாளைக்கு இரண்டு. வீட்டில் அதே மருந்து மாத்திரையாக, காலையில் ஒன்று மட்டும். முதல் பட்டியலைப் பார்த்து எழுதினால் நீர் மாத்திரை இரட்டிப்பாகிவிடும். முதல் பட்டியல் நடந்து முடிந்த கதை. அதிலிருந்து உங்கள் தாளுக்கு ஒரு சொல்லும் வரவேண்டாம்.

பத்தியத்தைப் பற்றிய வரியிலும் ஒரு பொறி உண்டு. அத்தையின் சம்மரியில் நாளைக்கு 2 கிராம் சோடியம் என்று போட்டிருந்தது. வீட்டில் அதை 2 கிராம் உப்பு என்று எடுத்துக்கொண்டு, வாயில் வைக்க முடியாத சமையலைச் செய்து கொடுக்க, அத்தை பக்கத்து வீட்டு ஊறுகாயை இரகசியமாக வரவழைத்தார். உப்பில் சோடியம் ஐந்தில் இரண்டு பங்குதான். 2 கிராம் சோடியம் என்றால் ஏறத்தாழ 5 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். அந்த ஒரு டீஸ்பூனில் நாள் முழுவதும் சாம்பாரும் பொரியலும் செய்யலாம், அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் விலக்கினால். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். அத்தை போடும் ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கிவைக்கும் மருந்து. பார்க்க வருகிற உறவினர் ஆளுக்கு இரண்டாகச் சுமந்து வரும் இளநீருக்கும் அதே ஆட்சேபணைதான்.

இவற்றையெல்லாம் கழித்து, கூட்டி, டியூட்டி டாக்டரிடம் காட்டித் திருத்தம் வாங்கி, இரண்டாம் முறை நான் எழுதிய தாளைக் கீழே அப்படியே தருகிறேன். இது அத்தைக்கு மட்டும் உரியது. உங்கள் வீட்டாருக்கு மருந்தும் வேறு, அளவும் வேறு, எண்களும் வேறாக இருக்கும். வடிவத்தை மட்டும் பாருங்கள்.

"அத்தை, உங்கள் இதயத்தின் பம்ப் வலு குறைந்திருக்கிறது. அதனால் உடம்பில் நீர் கோத்து, காலும் வீங்கி, மூச்சும் முட்டிற்று. எட்டு நாளில் அந்த நீரை இறக்கிவிட்டார்கள். மறுபடி கோக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இனி நம் வேலை. மருந்து நீடித்து வேண்டும்.

காலையில் சிறுநீர் கழித்ததும், காபிக்கு முன், எடை பாருங்கள். வீட்டுக்கு வந்த அன்று 56.4 கிலோ. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் எனக்குப் போன் செய்யுங்கள். கால் வீங்கினாலும், தலையணை ஒன்று கூடுதலாக வேண்டியிருந்தாலும் போன் செய்யுங்கள்.

காலை: நீர் மாத்திரை (ஃப்யூரோசமைடு 40) ஒன்று. சுகருக்கும் இதயத்துக்கும் (டாபாகிளிஃப்ளோசின் 10) ஒன்று. டிபனுக்குப் பிறகு இதய மாத்திரை (கார்விடிலால் 3.125) ஒன்று.
மதியம், சாப்பிட்டபின்: ஸ்பைரோனோலாக்டோன் 25 ஒன்று.
இரவு, சாப்பிட்டபின்: இதய மாத்திரை (கார்விடிலால் 3.125) ஒன்று. பிரஷர் மாத்திரை (டெல்மிசார்டன் 40) ஒன்று.

வேண்டாம்: பழைய பிரஷர் மாத்திரை, பழைய சுகர் மாத்திரை, முழங்கால் மாத்திரை. மூன்றையும் நான் எடுத்துப் போய்விட்டேன். முழங்கால் வலித்தால் கேளுங்கள், வேறு தருகிறேன்.

தண்ணீர், காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒன்றரை லிட்டர். உப்பு ஒரு டீஸ்பூன். இளநீர் வேண்டாம்.

வாந்தி பேதி வந்தால், மாத்திரை போடுமுன் போன் செய்யுங்கள். படுக்க முடியாமல் மூச்சு முட்டினாலும், நெஞ்சு வலித்தாலும், மயக்கம் வந்தாலும் காத்திருக்க வேண்டாம், 108.

அடுத்த வாரம் வியாழன் ரத்தப் பரிசோதனை, வெள்ளி டாக்டர்."

ஏழு பக்கத்திலிருந்து இதில் வராதவற்றைப் பாருங்கள். எக்கோ எண் இல்லை. கிரியாட்டினின் இல்லை. வார்டில் ஏற்றிய மருந்துகள் இல்லை. வீட்டுக்கு வந்த அன்றைய எடை மட்டும், ஐந்தாம் பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்ததைத் தேடி எடுத்து, மேலே வைத்தேன். சேர்ந்த அன்று அவர் 61.2 கிலோ. எட்டு நாளில் இறங்கிய கிட்டத்தட்ட ஐந்து கிலோவும் பெரும்பாலும் நீர். இந்த நோயில் கால் வீங்குமுன், மூச்சு முட்டுமுன், முதலில் நகர்வது தராசின் முள்தான். அத்தை படித்துக் காரியம் செய்யக்கூடிய எண் அது ஒன்றே.

எடையை எழுதிவைக்க நான் தினசரிக் காலண்டரைக் காட்டினேன். அவர் தினமும் ஒழுங்காக எழுதி, மறுநாள் காலையில் அதைவிட ஒழுங்காகக் கிழித்து எறிந்துகொண்டிருந்தார். மாதக் காலண்டர் வாங்குங்கள்.

மாத்திரையை நிறத்தால் குறிக்காதீர்கள். கடைக்காரர் வேறு கம்பெனியைக் கொடுத்தால் நிறம் மாறிவிடும். மருந்தின் மூலப்பெயரைத் தமிழ் எழுத்தில், மில்லிகிராமோடு எழுதுங்கள். பட்டையில் சிறிய எழுத்தில் அந்தப் பெயர் இருக்கும். பட்டையை நாலு மாத்திரை, ஐந்து மாத்திரை என்று வெட்டி வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்டுப் போய், கடைசியில் பெயரற்ற வெள்ளை மாத்திரைகள் பெட்டியில் உருளும்; முழுப்பட்டையாகக் கேளுங்கள். 1-0-1 என்று டாக்டர் எழுதுவது காலை, மதியம், இரவு என்ற வரிசை என்பது உங்களுக்குத் தெரியும். முதியவருக்குத் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள், வேளையின் பெயரைச் சொல்லால் எழுதுங்கள்.

உங்களில் சிலர் என்னிடம், உண்மையைச் சொன்னால் தாங்கமாட்டார்கள், ஆகவே ஒன்றுமே எழுதாமலிருப்பது உத்தமம் என்று வாதிப்பதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. என்ன நோய் என்று அறியாதவர் ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு ஏன் நிற்கவேண்டும்? கோடை மத்தியானத்தில் தாகமெடுக்கும்போது, காரணம் தெரிந்தவர்தான் டம்ளரைக் கீழே வைப்பார். 'செயலிழப்பு' என்று எழுதி அச்சுறுத்தியதும் பிழை. 'எல்லாம் சரியாயிடுச்சு' என்று சொல்லியிருந்தால் அதுவும் பிழையே. மூன்றாம் வாரம் நன்றாயிருக்கிறதே என்று அவர் மாத்திரையை நிறுத்தியிருப்பார்.

தாளைக் கொடுத்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றே சொல்வார்கள். உங்கள் நேரத்தை வீணாக்கக்கூடாதென்ற மரியாதை அவர்களுக்கு. நான் அத்தையிடம், "நாளைக்குக் காலையில எழுந்ததும் என்னென்ன செய்வீங்க, வரிசையா சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். எடை பார்ப்பேன், நீர் மாத்திரை, சுகர் மாத்திரை, என்று சொல்லிக்கொண்டே வந்தவர், இதய மாத்திரையைக் காபியோடு விழுங்குவேன் என்றார். டிபனுக்கு முன்பா, பின்பா என்பது தாளில் இருந்தும் மனத்தில் பதியவில்லை. கார்விடிலாலை வெறும் வயிற்றில் போட்டால் பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். நிலைப்படிச் சம்பவத்துக்குப்பின் அதை அவருக்கு இரண்டாம் முறை சொல்லவேண்டியிருக்கவில்லை. 'டிபனுக்குப் பிறகு' என்ற சொற்களுக்கு மட்டும் சிவப்பு மையால் கோடிட்டேன்.

இனி நான் கேட்க வந்தது. டிஸ்சார்ஜ் என்று டாக்டர் காலையில் சொல்கிறார். இன்ஷூரன்ஸ் அனுமதி வந்து, பில் முடிந்து, நீங்கள் படியிறங்கப் பல வீடுகளில் மாலையாகிவிடுகிறது. அந்த நீண்ட மணி நேரங்களைக் காண்டீனிலும் கைபேசியிலும் கழிக்கிறீர்கள். அடுத்த முறை, வீட்டிலுள்ள பழைய மாத்திரைப் பெட்டியையும், பெரியவரின் கைப்பையையும், தலையணைக்கு அடியில் இருப்பதையும்கூட, அன்று காலையிலேயே ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரட்டும். சம்மரியின் வரைவைக் கேட்டு வாங்குங்கள். கட்டிலருகே உட்கார்ந்து, பெரிய எழுத்தில், ஒரே தாளில், உங்கள் வீட்டுத் தமிழில் எழுதுங்கள். தொடர், நிறுத்து என்று பெட்டியை டியூட்டி டாக்டர் அல்லது சிஸ்டர் முன்னால் இரண்டாகப் பிரியுங்கள். வழக்கம்போல் என்றோ, மற்றவை என்றோ ஒரு சொல் உங்கள் தாளில் இருந்தால், அதை அடித்துவிட்டு அந்த மருந்தின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். இன்னும் வராத ரிப்போர்ட் ஏதும் உண்டா, அதை எந்தத் தேதியில் யாரிடம் கேட்பது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதை டாக்டர் ஒருமுறை பார்த்தபின், உங்கள் தாயை உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியைத் திருத்தியபின் பில் கட்டப் போங்கள். ஏழு பக்கத்தையும் அந்தத் தாளின் பின்னாலேயே வைத்து, பீரோவில் அல்ல, கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநன் ஒருவன்